பேக்ஹேண்ட் கிளியர்: மலையகத்துக் கோர்ட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பட்மிண்டன் ஒற்றையர் ஆட்டத்தில் எதிராளி உங்கள் இடது பின்மூலைக்கு ஷட்டிலை உயர்த்தி அனுப்பிவிட்டு உடனே வலைப் பக்கம் ஓரடி முன்னேறுகிறார் என்றால், உங்களைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று பொருள். அந்த மூலையிலிருந்து உங்களால் பின்கோடு வரை அடிக்க முடியாது, வரப்போவது வலையருகே மெதுவாக விழும் ட்ரொப்தான் என்பதே அந்த முடிவு. அதைப் பொய்யாக்கும் அடிதான், ஷட்டிலைப் பின்கோடு வரை உயர்த்தி அனுப்பும், தலைக்கு மேலான பேக்ஹேண்ட் கிளியர். இதைக் கற்பதில் இரண்டு வேலைகள் உள்ளன. முதலாவது, ஷட்டில் பின்கோடு வரை போய்ச் சேர வேண்டும். இரண்டாவது, அடி விழும் வரைக்கும் அது கிளியரா ட்ரொப்பா என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. இரண்டாவது வேலையில் பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு விடயம் உண்டு: கிளியரை மறைக்க வேண்டுமானால் திருத்த வேண்டியது உங்கள் ட்ரொப்பை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இங்கே எல்லாவற்றையும் வலக்கை ஆட்டக்காரருக்கு எழுதுகிறேன். இடக்கைக்காரர் பக்கங்களை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஷட்டில், பிறகு அடி

மலையகத்தில் பழகுபவர்கள் இந்த அடியைத் தொடங்கும் முன் கையிலிருக்கும் ஷட்டிலைச் சோதிக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. குளிர் அந்தக் குறைவில் ஒரு பகுதியை ஈடுகட்டினாலும், கொழும்பின் சூடான காற்றோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தே நிற்கும். ஷட்டிலின் வேகத்தைத் தணிப்பது காற்றுதான் என்பதால், கொழும்பில் சரியாக விழும் ஷட்டில் நுவரெலியாவில் எல்லையைத் தாண்டிவிடும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இதே விளைவு சற்றுக் குறைவாகத் தெரியும்.

பேக்ஹேண்ட் கிளியருக்கு இது ஏன் முக்கியம்? அரைகுறை அடியும் மலையில் பின்கோடு வரை போய்விடுகிறது. கற்றுக்கொண்டுவிட்டோம் என்ற எண்ணம் வருகிறது. பிறகு கொழும்பில் போட்டிக்கு இறங்கினால் அதே அடி கோர்ட்டின் நடுவில் விழுந்து ஸ்மாஷுக்கு இரையாகிறது. ஆகவே இறகு ஷட்டில் வாங்கும்போது குழாயின் மேலுள்ள வேக எண்ணைப் பாருங்கள். 77 சமவெளிக்குப் பொதுவான எண் என்றால், மலையில் 76, 75 என்று இறங்க வேண்டும். நைலோன் ஷட்டிலில் பச்சைப் பட்டி வேகம் குறைந்தது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. மலைக்குப் பச்சை.

எண்ணை மட்டும் நம்பாமல் சோதித்தும் பாருங்கள். பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழுப் பலத்தோடு, பக்கக் கோட்டுக்கு இணையாக ஒரு ஷட்டிலை அடியுங்கள். சரியான வேகமுள்ள ஷட்டில் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்ரிமீற்றர் வரை உட்புறமாக விழும். அதைவிட ஆழமாகப் போனால் அது உங்கள் ஊருக்கு வேகமான ஷட்டில். அதைக் கொண்டு கிளியர் பழகுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.

எப்போது இந்த அடி, எப்போது கூடாது

இடது பின்மூலைக்கு நேரத்தோடு போய்ச் சேர முடிந்தால் தலையைச் சுற்றிப் போர்ஹேண்டால் அடிப்பதே நல்லது. கோர்ட்டைப் பார்த்து நிற்கலாம், பலமும் கூடுதல். பேக்ஹேண்ட் என்பது ஷட்டில் உங்களைக் கடந்துபோகும் தறுவாயில் எடுக்க வேண்டிய அடி. மலையில் ஷட்டில் சற்று வேகமாகவே வந்து சேர்வதால் அந்தத் தறுவாய் அடிக்கடி வரும்.

எல்லை ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பின்கோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது ஷட்டில் உங்கள் வலத்தோளுக்கு மேலே இருக்க வேண்டும். அது தோளைக் கடந்து, முகத்துக்கு முன்னால், பின்கோட்டுப் பக்கமாக இறங்கிவிட்டால் நல்ல கிளியருக்கான நேரம் போய்விட்டது. அந்த இடத்திலிருந்து மறைப்பும் இல்லை.

பிடி

இந்த அடியில் தோற்பவர்களில் பெரும்பாலானோர் பிடியிலேயே தோற்றுவிடுகிறார்கள். பேக்ஹேண்ட் என்றதும் பெருவிரலைக் கைப்பிடியின் அகன்ற பக்கத்தில் தட்டையாக வைத்து அழுத்தும்படி பாடசாலையில் சொல்லித் தருகிறார்கள். சேர்விஸுக்கும் வலையருகே எடுக்கும் அடிகளுக்கும் அது சரி. அங்கே ஷட்டில் உடம்புக்கு முன்னால் இருக்கிறது. பின்மூலையில் அப்படியில்லை. பெருவிரலைத் தட்டையாக வைத்துக்கொண்டு தோளுக்கு மேலே அடித்தால் ரக்கெட்டின் முகம் தானாக எதிர்க்கோர்ட்டை நோக்கித் திரும்பாது. மணிக்கட்டை முறுக்கித் திருப்ப வேண்டியிருக்கும். அந்த முறுக்கலில் பலமெல்லாம் போய்விடும்.

சரியான பிடி இது. ரக்கெட்டின் விளிம்பு மேலே பார்க்கும்படி இடது கையால் தண்டைப் பிடியுங்கள். இப்போது கைப்பிடிக்கு மேலே ஓர் ஒடுங்கிய பக்கம், இடப்புறம் ஓர் அகன்ற பக்கம், இரண்டுக்கும் நடுவே சாய்வான ஒரு மெல்லிய பட்டை இருக்கும். பெருவிரலின் உட்புறம் அந்தச் சாய்வுப் பட்டையின் மேல் படிய வேண்டும். மற்ற விரல்கள் தளர்வாகச் சுற்றியிருக்க, உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். யாராவது ரக்கெட்டை மெதுவாக இழுத்தால் கையிலிருந்து கழன்று வந்துவிடும் அளவுக்குத் தளர்வு.

குளிர் காலைகளில் இந்தத் தளர்வுதான் முதலில் காணாமல் போகிறது. விறைத்த விரல்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் உடம்பு சூடேறும் வரை இந்த அடியைத் தொடாதீர்கள். ரக்கெட்டை உறையோடு பிடித்து, முன்கையை மட்டும் இருபுறமும் திருப்பி, ஒவ்வொரு திருப்பலின் முடிவிலும் விரல்களை இறுக்கித் தளர்த்துங்கள். விரலில் சூடு தெரிந்த பிறகு உறையைக் கழற்றுங்கள். முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வரத் தொடங்கினால் விரல்களைத் தேவைக்கு முன்பே இறுக்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கால்

எதிராளி அடிக்கும் கணத்தில் சிறிய துள்ளல். ஷட்டில் இடது பின்மூலைக்கு என்று தெரிந்ததும் உடம்பு திரும்ப, இடது கால் அந்தத் திசையில் ஒரு சிற்றடி வைக்கிறது. பிறகு வலது கால் குறுக்கே கடந்து நீண்ட அடியாக மூலையை நோக்கிப் போகிறது. உங்கள் முதுகு வலையைப் பார்க்கிறது. வலது கால் தரையைத் தொடுவதும் ரக்கெட் ஷட்டிலைத் தொடுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். கால் ஊன்றி நின்று, பிறகு நிதானமாக அடித்தால், ஓடிவந்த வேகம் அடிக்குள் போகாமல் தரைக்குள் போய்விடும்.

பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் மண்டபத் தரையில் ஈரம் படிவதுண்டு. கடைசி நீண்ட அடிதான் வழுக்கும் அடி. பின்மூலைகளை மட்டுமாவது துடைத்துவிட்டு ஆடுங்கள்.

கை

ஓடும்போதே ரக்கெட் நெஞ்சுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். முழங்கை மடங்கி, ரக்கெட்டின் தலை கீழ்நோக்கியபடி இடுப்பளவில் இருக்கட்டும். இங்கிருந்து முதலில் எழுவது முழங்கை. அது தோள் உயரத்துக்கு ஏறி ஷட்டிலைச் சுட்டுவது போல நிற்கிறது. முழங்கை மேலே வந்து கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் முன்கை சுழல்கிறது. கதவுப் பூட்டில் சாவியை வலப்பக்கம் திருப்புவது போன்ற சுழற்சி அது. கீழே பார்த்த உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்புகிறது. ஷட்டிலைத் தொடும் கணத்தில் விரல்கள் சட்டென்று இறுகுகின்றன. உடனே கை நின்றுவிடுகிறது.

அந்த நிறுத்தம் அவசியம். கையை முழுவதுமாக வீசி எதிர்க்கோர்ட்டை நோக்கி நீட்டுபவர்களுக்கு அடி பலமாகத் தோன்றும், ஷட்டில் பாதியில் விழும். முழங்கை நின்றால்தான் அதன் வேகம் முன்கைக்கும், முன்கையிலிருந்து ரக்கெட் தலைக்கும் கைமாறும். சரியாக அடித்தால் ரக்கெட் ஷட்டிலைத் தொட்டவுடன் சற்றுப் பின்வாங்கும். சத்தமும் வேறு மாதிரி, குறுகிய, கூர்மையான ஒன்றாக இருக்கும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்தோனேசியாவின் தௌபீக் ஹிதாயத் பேக்ஹேண்டுக்குப் பேர்போனவர். அவருடைய ஆட்டங்களின் காணொளிகளைப் பார்க்கும்போது ரக்கெட்டை விட்டுவிட்டு முழங்கையை மட்டும் பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் மேலே வருகிறது, அடிக்கும்போது எவ்வளவு அசையாமல் இருக்கிறது என்பது தெரியும்.

தூரம் எவ்வளவு வேண்டும்? இரட்டையர் ஆட்டத்துக்கான நீண்ட சேர்விஸ் கோடு, பின்கோட்டுக்கு 76 சென்ரிமீற்றர் உட்புறமாக இருக்கிறது. அந்தக் கோட்டையொட்டி விழுந்தாலே போதும். அதற்கும் ஒரு மீற்றர் முன்னால் விழுகிறதென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். பிடியையும் ஷட்டிலைத் தொடும் இடத்தையும் திரும்பப் பாருங்கள். பழைய மண்டபங்களில் தாழ்ந்த உத்தரங்கள் இருந்தால் உயரத்தைக் குறைத்து, எதிராளியின் ரக்கெட்டுக்கு மட்டும் எட்டாதபடி தட்டையாக அனுப்பப் பழகுங்கள்.

மறைப்பு ஏன் தேவைப்படுகிறது

உங்கள் இடது பின்மூலையிலிருந்து நேராக அடிக்கும் கிளியர், வலக்கை எதிராளியின் போர்ஹேண்ட் பின்மூலைக்குப் போகிறது. அதாவது அவருடைய பலமான பக்கத்துக்கு. குறுக்காக அடித்தால் அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் போகும். ஆனால் மூலைக்கு மூலை தூரம் ஏறத்தாழ ஒரு மீற்றர் கூடுகிறது. அந்த மீற்றருக்குப் பலம் போதாவிட்டால் ஷட்டில் கோர்ட்டின் நடுவில், அவர் தலைக்கு மேல் தொங்கும். ஆகவே பெரும்பாலான நேரம் நேர் கிளியர்தான் உங்கள் அடி. அதை அவர் முன்கூட்டியே கண்டுகொண்டால் பின்னால் போய்க் காத்திருந்து ஸ்மாஷ் அடிப்பார். கண்டுகொள்ளாவிட்டால் அதே ஷட்டிலைப் பின்னோக்கி ஓடியபடி தாமதமாக எடுப்பார். இரண்டுக்கும் நடுவே இருப்பது அவர் தாமதிக்கும் ஓரடிதான்.

இங்கே உங்களுக்கு இயல்பாகவே ஒரு வசதி கிடைக்கிறது. உங்கள் முதுகு அவரைப் பார்க்கிறது. ரக்கெட்டை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் வரை அவருக்கு உங்கள் கை தெரியாது. ரக்கெட்டைப் பக்கவாட்டில் நீட்டியபடி ஓடுபவர் இந்த வசதியை வீணாக்குகிறார். முழங்கை மேலெழும்போதுதான் அவருக்கு முதல் தகவல் கிடைக்கிறது. அந்தத் தகவல் எல்லா அடிக்கும் ஒன்றாக இருந்தால் அவருக்குப் படிக்க எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றாக இருப்பதில்லை. கிளியருக்குப் பலம் வேண்டும் என்பதால் எல்லோரும் முழங்கையை வேகமாக எழுப்புகிறார்கள். ட்ரொப்புக்கு மென்மை வேண்டும் என்பதால் முழங்கையை மெதுவாக எழுப்புகிறார்கள். எதிராளி பார்ப்பது இந்த வேக வித்தியாசத்தைத்தான். கிளியரை மெதுவாக்க முடியாது, ஷட்டில் போய்ச் சேராது. ஆகவே மாற்றக்கூடியது ட்ரொப் மட்டுமே.

ட்ரொப்பைக் கிளியராக ஆடுவது

முழங்கையை கிளியருக்கு எழுப்பும் அதே வேகத்தில் எழுப்புங்கள். முன்கையைச் சுழற்றவும் தொடங்குங்கள். கடைசிக் கணத்தில் இரண்டு மாற்றங்கள் மட்டும்: விரல்களை இறுக்காமல் விடுங்கள், ரக்கெட்டின் முகத்தை மேல்நோக்கி விடாமல் வலையை நோக்கி வையுங்கள். இறுக்கம் இல்லாததால் ரக்கெட் தலை வேகம் இழந்து, ஷட்டில் வலையைத் தாண்டி விழும்.

முதலில் ட்ரொப் நீளமாகவே விழும். குறுகிய சேர்விஸ் கோட்டைத் தாண்டி, ஏன், கோர்ட்டின் நடுவரை கூடப் போகும். அதைக் கண்டு கையை மெதுவாக்கிவிடாதீர்கள். நீளமான, ஆனால் கண்டுபிடிக்க முடியாத ட்ரொப், கோட்டுக்கு முன்னால் அழகாக விழுந்து முன்கூட்டியே தெரிந்துபோகும் ட்ரொப்பைவிடப் பெறுமதியானது. தொடும் கணத்தில் ரக்கெட்டைச் சற்றுச் சாய்த்து ஷட்டிலை வெட்டப் பழகினால் நீளம் தானாகக் குறையும்.

பிடியையும் மாற்றாதீர்கள். ட்ரொப்புக்கு மட்டும் பெருவிரலைத் தட்டையாக்கிக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்போது முழங்கை உடம்பை ஒட்டி வரும். கூர்ந்து பார்க்கும் எதிராளிக்கு அது போதும்.

ஒரு மாணவியின் ஆட்டம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பயிற்சிக்கு வரும் ஒரு மாணவியிடம் நல்ல பலம் உண்டு. அவருடைய பேக்ஹேண்ட் கிளியர் இரட்டையர் கோட்டுக்குக் குறையாமல் விழும். ஆனாலும் அந்த மூலையிலிருந்து புள்ளிகளை இழந்துகொண்டே இருந்தார். “சேர், கிளியர் சரியாத்தானே போகுது, பிறகு ஏன் அவங்க எனக்கு முன்னாடியே அங்க நிக்கிறாங்க?” என்று கேட்டார்.

கைத்தொலைபேசியால் எதிர்ப்பக்கத்தில், எதிராளி நிற்கும் இடத்திலிருந்து, மெதுவான வேகத்தில் ஓடும்படி பதிவுசெய்து இருவரும் பார்த்தோம். கிளியருக்கு முன்னால் அவருடைய வலத்தோள் ஒருமுறை கீழே இறங்கி எழுந்தது. பலம் சேர்ப்பதற்காக அவர் தன்னையறியாமல் செய்த அசைவு அது. ட்ரொப்பில் அந்த இறக்கம் இல்லை. எதிராளி முழங்கைக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. தோள் இறங்கினால் பின்னால், இறங்காவிட்டால் முன்னால் என்று ஓடிக்கொண்டிருந்தார்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. தோள் இறக்கத்தை இரண்டு அடிகளிலிருந்தும் எடுத்துவிடலாம், அல்லது இரண்டிலும் சேர்க்கலாம். முதல் வழி சரியானது. அதற்கு முழங்கையை இன்னும் சீக்கிரம் எழுப்ப வேண்டும், கால் இன்னும் வேகமாக வர வேண்டும். அது நாள்பட்ட வேலை. போட்டி நெருங்கிக்கொண்டிருந்ததால் இரண்டாவது வழியை எடுத்தோம். ட்ரொப்புக்கும் தோளை இறக்கி எழுப்பினார்.

அடுத்த ஆட்டத்தில் அதே எதிராளி, தோள் இறங்கியதும் பின்னால் சாய்ந்தார். ட்ரொப் வலைக்கு முன்னால் விழுந்தது. அது மிகச் சிறந்த ட்ரொப் அல்ல, சேர்விஸ் கோட்டுக்குச் சற்று அப்பால்தான். ஆனால் எடை பின்காலில் இருந்ததால் அவரால் வலைக்கு மேலே எடுக்க முடியவில்லை, கீழிருந்து தூக்கிவிட்டார். மீண்டும் இடது பின்மூலை வந்தபோது அவர் நடுவில் நின்றபடியே காத்திருந்தார். கிளியர் போனது. அவர் ஓடிப்போய்த் தலைக்குப் பின்னால் எடுத்தார், திரும்பி வந்தது பலவீனமான அரைக்கோர்ட் ஷட்டில். மறைப்பு நேரடியாகப் புள்ளி எடுத்துத் தருவது அபூர்வம். இப்படி அடுத்த ஷட்டிலை இலகுவாக்குவதே அதன் வேலை.

உங்கள் மறைப்பைச் சோதிப்பது

நண்பர் ஒருவரை எதிர்ப்பக்கத்து நடுவில், ரக்கெட் இல்லாமல், நிறுத்துங்கள். இன்னொருவர் உங்கள் இடது பின்மூலைக்கு ஷட்டிலை உயர்த்தித் தரட்டும். நீங்கள் 20 ஷட்டில்களை கிளியராகவும் ட்ரொப்பாகவும் கலந்து அடியுங்கள். எது என்று முன்பே ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் கை தனக்குப் பிடித்ததையே அடிக்கும். நண்பர் ரக்கெட் ஷட்டிலைத் தொடும் முன்பாக “முன்” அல்லது “பின்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அவர் 10 அல்லது 11 முறை சரியாகச் சொன்னால் வெறும் ஊகம். 15 முறை சொன்னால் ஏதோ ஒன்று கசிகிறது. எதைப் பார்த்துச் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் காணொளியில் நான்கு இடங்களைப் பாருங்கள்: தோள் இறங்குகிறதா, முழங்கை எழும் வேகம் வேறுபடுகிறதா, பெருவிரல் நகர்கிறதா, கடைசி அடியின் நீளம் மாறுகிறதா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள்.

இன்னும் ஒரு படி

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு, மூலைக்கு நேரத்தோடு போய்ச் சேரும் நாட்களில், முழங்கையை மேலே எழுப்பிவிட்டு ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். எதிராளி உங்கள் கை அசைவுக்கேற்பத் துள்ளுகிறார். நீங்கள் நிறுத்தினால் அவர் துள்ளி இறங்கிவிடுவார், பாதம் தரையில் படிந்துவிடும். அப்போது அடித்தால் கிளியரோ ட்ரொப்போ, அவர் மீண்டும் புறப்பட வேண்டும். ஆனால் இந்த நிறுத்தம் சீக்கிரம் வந்தவருக்கு மட்டும் உரியது. தாமதமாக வந்து நிறுத்தினால் ஷட்டில் தோளைக் கடந்து இறங்கிவிடும்.

அப்படி இறங்கிவிட்ட ஷட்டிலுக்கு மறைப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். குறுக்காகவும் அடிக்க வேண்டாம். பெருவிரலை இன்னும் சற்று மேல்பக்க விளிம்பை நோக்கி நகர்த்தி, பக்கக் கோட்டுக்கு இணையாக, எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரமாக அனுப்புங்கள். அது இறங்கி வருவதற்குள் வலது காலால் தரையை உதைத்துத் திரும்பி, கோர்ட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால், ஸ்மாஷை எதிர்பார்த்து, ரக்கெட்டைத் தாழ்த்தி நில்லுங்கள்.